அரைத்தது இயந்திரம், எடுத்தது கை

வெடித்த பருத்திக்காயிலிருந்து ஒரு சுளையை எடுத்து, அதிலுள்ள கொட்டையிலிருந்து பஞ்சைப் பிய்த்துப் பாருங்கள். அவ்வளவு எளிதில் வராது. பஞ்சு கொட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும் பொருள் அல்ல. கொட்டையின் தோலிலிருந்தே முளைத்தது. ஒவ்வோர் இழையும் விதைத்தோலின் ஒரே ஒரு செல் நீண்டு வளர்ந்து உலர்ந்ததுதான். அதனால் உதறினாலோ புடைத்தாலோ பஞ்சு பிரியாது. இழையையும் கொட்டையையும் எதிரெதிராக இழுத்தால்தான் பிரியும். எடையும் பஞ்சுக்குச் சாதகமாக இல்லை. நூறு கிலோ பருத்தியை அரைத்தால் கிடைக்கும் பஞ்சு முப்பது, முப்பத்தைந்து கிலோ. மீதியெல்லாம் பெரும்பாலும் கொட்டை.

இந்தச் சின்னத் தொல்லைதான் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் விவசாயத்தைக் கட்டிப்போட்டிருந்தது. அங்கே இரண்டு வகைப் பருத்தி விளையும். ஒன்று, 'சீ ஐலண்ட்' எனப்படும் நீண்ட இழைப் பருத்தி. அதன் கொட்டை கறுப்பாக, வழவழப்பாக இருக்கும். இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுற்றினால் பஞ்சு ஒருபுறம் போகும், கொட்டை மறுபுறம் நின்றுவிடும். இந்த இரட்டை உருளைப் பொறி இந்தியாவில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கியது. வடக்கே அதற்குச் சர்க்கா என்று பெயர். ஆனால் சீ ஐலண்ட் பருத்தி தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலோரத் தீவுகளையும் அவற்றை ஒட்டிய குறுகிய நிலப்பரப்பையும் விட்டு உள்ளே வராது. உள்நாட்டு நிலத்தில் செழித்தது இரண்டாவது வகை. இழை குட்டை, கொட்டை பச்சை நிறம், அதன்மேல் வெல்வெட் போலச் சுணை. இதைக் கையால் பிய்த்தால் ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு ராத்தல், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான பஞ்சைத்தான் சேர்க்க முடியும். இங்கிலாந்தில் ஆர்க்ரைட்டும் கிராம்ப்டனும் உருவாக்கிய நூற்பு இயந்திரங்கள் பஞ்சுக்காக வாய் பிளந்து நின்றன. ஜார்ஜியாவின் மேட்டு நிலத்தில் பருத்தி போட்டவர்களோ, விளைந்ததைச் சுத்தம் செய்ய வழியில்லாமல் விழித்தார்கள்.

1792இல் யேல் கல்லூரியில் படிப்பை முடித்த எலி விட்னி என்ற மாசசூசெட்ஸ் இளைஞர், வாத்தியார் வேலைக்காகத் தெற்கே வந்தார். அந்த வேலை கைகூடவில்லை. சவானா நகருக்கு அருகே 'மல்பெரி குரோவ்' பண்ணையில் தங்கினார். அது அமெரிக்க விடுதலைப் போரில் புகழ்பெற்ற தளபதி நதானியல் கிரீனின் விதவை கேதரின் கிரீனின் பண்ணை. அதை நிர்வகித்தவர் பினியஸ் மில்லர். இவரும் யேலில் படித்தவர். பச்சைக் கொட்டைப் பருத்தியின் பிரச்சினை அங்கே எல்லோர் வாயிலும் அடிபட்டது. விட்னி சில மாதங்களில் ஒரு மாதிரியைச் செய்துவிட்டார். 1794 மார்ச் 14 அன்று காப்புரிமை கிடைத்தது. கோழியைப் பிடிக்க வந்த பூனையின் நகத்தில் வெறும் இறகு மட்டும் சிக்கியதைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது என்று பள்ளிப் புத்தகக் கதை ஒன்று உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரம் கிடையாது.

இயந்திரத்தைப் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு மர உருளை. அதன்மேல் வரிசை வரிசையாக வளைந்த கம்பிப் பற்கள். உருளைக்கு முன்னால் குறுகிய பிளவுகள் கொண்ட ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் பருத்தியைக் கொட்டும் தொட்டி. கைப்பிடியைச் சுற்றினால் பற்கள் பிளவு வழியாக நீண்டு இழையைக் கவ்வி இழுத்துக்கொண்டு திரும்பும். கொட்டை அந்தப் பிளவுக்குள் நுழையாது. இழை பறிபோனதும் கீழே விழும். இத்தோடு விட்டிருந்தால் நாலு சுற்றில் பற்களெல்லாம் பஞ்சால் அடைத்துப்போய் இயந்திரம் நின்றிருக்கும். அதனால் பின்னால் இன்னோர் உருளை. அதில் பற்களுக்குப் பதில் பிரஷ். அது முதல் உருளைக்கு எதிர்த்திசையில், அதைவிட வேகமாகச் சுழன்று பற்களிலிருந்த பஞ்சை வழித்து எறியும். விட்னியின் திறமை இந்த இரண்டாவது உருளையில்தான் இருக்கிறது என்பேன். இழையைப் பிடிக்கும் பல்லை யாரும் யோசித்துவிடலாம். பிடித்ததை விடவைத்து, நிற்காமல் ஓடவைப்பதுதான் கடினம்.

சின்ன இயந்திரத்தைக் கையால் சுற்றினாலே ஒருவர் ஒரு நாளில் ஐம்பது ராத்தல் பஞ்சு எடுத்துவிடலாம். குதிரையையோ நீர்ச்சக்கரத்தையோ பூட்டினால் அதற்கும் மேலே.

விட்னிக்கு இதில் பணம் சேரவில்லை. காரணம், இயந்திரத்தின் எளிமையும் அவர்களுடைய பேராசையும் சேர்ந்த கலவை. மில்லரும் அவரும் இயந்திரத்தை விற்க விரும்பவில்லை. தாங்களே ஊர் ஊராக அரவை நிலையம் வைத்து, அரைத்த பஞ்சில் பெரும் பங்கைக் கூலியாக எடுத்துக்கொள்வது என்று திட்டம் போட்டார்கள். நம் ஊரில் நெல் அரைக்கும் மில்லில் கூலியாக நெல்லையே பிடித்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு. ஆனால் பிடித்தம் விவசாயியின் வயிற்றெரிச்சலைக் கிளப்பும் அளவுக்கு இருந்தது. ஒருமுறை கண்ணால் பார்த்த எந்தக் கொல்லனும் தச்சனும் செய்துவிடக்கூடிய பொருளுக்கு அப்படி விலை கேட்டால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. போதாததற்கு 1795இல் நியூ ஹேவனில் இருந்த பட்டறை எரிந்துபோனது. 1796இல் ஜார்ஜியாவின் ஹாட்ஜன் ஹோம்ஸ், கம்பிப் பல்லுக்குப் பதிலாக வட்ட ரம்பத் தகடுகளை வரிசையாகக் கோத்துத் தனியாகக் காப்புரிமை பெற்றார். கம்பி வளையும், பிடுங்கிக்கொள்ளும். ரம்பம் நிலைத்து நிற்கும். பிற்கால ஜின்களெல்லாம் ரம்ப ஜின்களாகவே இருந்தன. விட்னி வழக்கு மேல் வழக்காகப் போட்டார். தென் கரோலினா மாநிலம் உரிமைக்காக 50,000 டாலர் தர ஒப்புக்கொண்டது, அதையும் இழுத்தடித்தது. ஜார்ஜியா நீதிமன்றத்தில் உருப்படியான வெற்றி கிடைத்தபோது காப்புரிமைக் காலமே முடியும் தறுவாயில் இருந்தது. காலத்தை நீட்டித் தரும்படி 1812இல் கேட்டார். அமெரிக்கக் காங்கிரஸ் மறுத்தது. அதற்குள் அவர் அரசாங்கத்துக்குத் துப்பாக்கி செய்து கொடுக்கும் தொழிலுக்குப் போயிருந்தார்.

கண்டுபிடித்தவர் நஷ்டப்பட்டதால் இயந்திரம் முடங்கவில்லை. உரிமைக் கட்டணம் இல்லாத கள்ளப் பிரதிகளால் அது இன்னும் வேகமாகப் பரவியது. 1790இல் அமெரிக்காவில் விளைந்த பஞ்சு ஏறக்குறைய 15 லட்சம் ராத்தல். பத்தே ஆண்டுகளில் அது 3 கோடியே 50 லட்சம் ராத்தலைத் தொட்டது. 1860இல், உள்நாட்டுப் போருக்கு முந்தைய ஆண்டில், சுமார் 40 லட்சம் பேல். ஒரு பேல் என்பது நானூறு ராத்தலுக்கும் மேல்.

இங்கே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஜின் ஆள்வேலையைக் குறைக்கும் இயந்திரம். அப்படியானால் அடிமைகளின் தேவை குறைந்திருக்க வேண்டுமே? விட்னி காலத்து அமெரிக்கத் தலைவர்கள் சிலரும், புகையிலை நிலம் சத்திழந்துகொண்டிருந்த அந்த நாளில், அடிமைமுறை தானாகத் தேய்ந்துவிடும் என்று நம்பியவர்கள்தான்.

ஓர் ஆள் ஒரு நாளில் வயலில் நூறு ராத்தல் பருத்தி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் பஞ்சு முப்பது ராத்தல். கையால் பிய்த்தால் நாளுக்கு ஒரு ராத்தல். ஆக, ஒருவர் ஒரு நாளில் எடுத்த பருத்தியைச் சுத்தம் செய்ய இன்னொருவர் முப்பது நாள் உட்கார வேண்டும். அந்த நிலையில் எந்தப் பண்ணையாராவது நூறு ஏக்கர் பருத்தி விதைப்பாரா? வீட்டுத் தேவைக்கு நாலு வரிசை போடுவார், அவ்வளவுதான். ஜின் வந்தபின் அதே முப்பது ராத்தல், கையால் சுற்றும் சிறு இயந்திரத்திலேயே அரை நாள் வேலைக்குச் சற்று அதிகம். குதிரை பூட்டிய ஜின் என்றால் பல ஆட்கள் எடுத்ததை ஒரே நாளில் அரைத்துத் தள்ளிவிடும். இப்போது தடை அரவையில் இல்லை. எவ்வளவு விதைக்க முடியும், எவ்வளவு களை எடுக்க முடியும், எல்லாவற்றுக்கும் மேலாக எவ்வளவு பறிக்க முடியும் என்பதில் இருக்கிறது. இந்த மூன்றையும் கையால்தான் செய்ய வேண்டும். இயந்திரம் ஒரு வேலையில் ஆளை விடுவித்தது. அந்த ஆளுக்கும், அவரோடு இன்னும் பத்துப் பேருக்கும், வயலில் வேலை உண்டாக்கியது.

ஆள் கிடைத்த வழி நமக்குத் தெரியும். 1808 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குவது அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது. அதனால் வியாபாரம் நாட்டுக்குள்ளேயே திரும்பியது. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய புகையிலை மாநிலங்களில் அடிமைகளாகப் பிறந்தவர்கள், பருத்தி புதிதாக ஏறிய அலபாமா, மிசிசிப்பி, லூசியானாவுக்கு விற்கப்பட்டார்கள். 1860 வரை இப்படி இடம்பெயர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்கும் மதிப்பீடு. விலங்கு பூட்டி வரிசையாக நடத்தியும், கப்பலில் ஏற்றியும் கொண்டுபோனார்கள். கணவன் ஒரு மாநிலம், மனைவி ஒரு மாநிலம், பிள்ளை இன்னொரு மாநிலம். 1790 கணக்கெடுப்பில் ஏறக்குறைய ஏழு லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் நாற்பது லட்சத்தை நெருங்கினார்கள். அந்த ஆண்டு மிசிசிப்பியின் மக்களில் பாதிக்கு மேல் அடிமைகள்.

பருத்திக்கு நிலமும் வேண்டும். அந்த நிலத்தில் செரோக்கி, கிரீக், சாக்டா, சிக்கசா மக்கள் வாழ்ந்தார்கள். 1830இல் நிறைவேறிய வெளியேற்றச் சட்டம் அவர்களை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரட்டியது. 1838-39இல் செரோக்கிகள் நடத்திச் செல்லப்பட்டபோது வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். காலியான நிலத்தில் முதலில் எழுந்த கட்டடங்களில் ஒன்று ஜின் வீடு. அதன் மேல்தளத்தில் இயந்திரம். கீழே கோவேறு கழுதைகள் சுற்றிச் சுற்றி நடந்து பல்சக்கரத்தை ஓட்டும். பக்கத்தில் பேல் கட்ட ஒரு பெரிய மரத் திருகு அழுத்தி.

அந்த ஜின் வீட்டில் மாலைதோறும் நடந்ததைச் சாலமன் நார்த்தப் எழுதி வைத்திருக்கிறார். நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராக வாழ்ந்து, கடத்தி விற்கப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் லூசியானா பருத்திப் பண்ணைகளில் அடிமையாக உழைத்து மீண்டவர். 1853இல் வெளிவந்த அவருடைய நூல் பருத்தி வேலையைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகத் துல்லியமான சாட்சியங்களில் ஒன்று. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொருவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஜின் வீட்டுக்கு வர வேண்டும். அங்கே எடை போடுவார்கள். சராசரி ஆளுக்கு ஒரு நாள் அளவு இருநூறு ராத்தல். குறைந்தால் சவுக்கடி. கூடினாலும் நிம்மதி இல்லை. நாளை முதல் அதுவே அவருடைய அளவாகிவிடும். களைத்து நடுங்கியபடி தராசை நோக்கி நடந்த அந்த நேரத்தின் பயத்தை அவர் விவரிக்கிறார். பாட்ஸி என்ற பெண் ஒரே நாளில் ஐந்நூறு ராத்தல் எடுக்கக்கூடியவர். அந்தக் கைவேகம் அவரைச் சித்திரவதையிலிருந்து காப்பாற்றவில்லை. நார்த்தப் பருத்தி எடுப்பதில் தேறவே இல்லை. கடைசியில் அவரை வேறு வேலைக்கு மாற்றினார்கள்.

1800க்கும் 1860க்கும் இடையில் ஓர் ஆள் ஒரு நாளில் பறித்த அளவு பல மடங்கு உயர்ந்தது. ஏன் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை. காய் பெரிதாக, அகலமாக வெடித்து, எளிதில் கைக்கு வரும் மெக்சிகோ வழி ரகங்கள் பரவியதால்தான் என்கிறது பொருளாதார வரலாற்று ஆய்வு ஒன்று. தராசும் சவுக்கும் சேர்ந்து கறந்ததுதான் என்கிறது இன்னொரு தரப்பு. என்னைக் கேட்டால், விதை கையின் எல்லையை உயர்த்தியிருக்கலாம். அந்த எல்லைவரை தினமும் ஓடவைத்தது தராசுதான். கூலி இல்லாத இடத்தில் வேறு எது ஓடவைக்கும்?

பேல் கட்டிய பஞ்சு ஆற்றுப் படகில் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் லிவர்பூலுக்குப் போனது. போருக்கு முன் அமெரிக்க ஏற்றுமதியின் மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. பிரிட்டிஷ் ஆலைகளின் பஞ்சில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவுடையது. இந்தக் கயிறு 1861இல் போர் தொடங்கித் தென்துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதும் அறுந்தது. லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டு லட்சக்கணக்கான தொழிலாளர்கள் கஞ்சித்தொட்டியை நம்பினார்கள். இந்தியப் பருத்திக்கு அதுவரை காணாத விலை கிடைத்தது. பம்பாய் வியாபாரிகள் கொழித்தார்கள். 1865இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது, அவர்களில் பலர் திவாலானார்கள்.

பிரிட்டிஷார் இந்தியப் பருத்தியை நாடியது அப்போதுதான் முதல்முறை அல்ல. 1840இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்காவிலிருந்து பருத்திப் பண்ணை அனுபவம் உள்ள பத்துப் பேரை வேலைக்கு அமர்த்தி, ரம்ப ஜின்களோடு இந்தியாவுக்கு வரவழைத்தது. சென்னை மாகாணத்தில் கோயம்புத்தூர் இந்தச் சோதனைகளின் மையமானது. தாவரவியலாளர் ராபர்ட் வைட் அவற்றுக்குப் பொறுப்பாக இருந்தார். ரம்ப ஜின்னின் குறை அங்கேதான் அப்பட்டமாகத் தெரிந்தது. நம் நாட்டுப் பருத்தியின் இழை குட்டை, கொட்டையோடு ஒட்டும் பிடிப்பு அதிகம். ரம்பப் பல் இழையைப் பிரிப்பதற்குப் பதில் அறுத்தது, கொட்டையையும் உடைத்தது. உடைந்த கொட்டைத் துணுக்கு பஞ்சில் கலந்தால் நூலில் கறுப்புப் புள்ளியாக வந்து நிற்கும். அமெரிக்க ரகம் ஊன்றிய தார்வாரில் ரம்ப ஜின் ஓரளவு நிலைத்தது. மற்ற இடங்களில் குடியானவர்கள் உருளைப் பொறியை விடவில்லை. அவர்களைப் பழமைவாதிகள் என்று அதிகாரிகள் எழுதினார்கள். தவறு அவர்கள் பக்கம் இல்லை என்பதுதான் உண்மை.

சரியான ஜின் வேறு வழியில் வந்தது. அலபாமாவைச் சேர்ந்த போன்ஸ் மெக்கார்த்தி 1840இல் காப்புரிமை பெற்ற உருளை ஜின்னில் ரம்பமே கிடையாது. தோல் சுற்றிய ஒரு சொரசொரப்பான உருளை இழையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அதை ஒட்டி நிற்கும் ஒரு நிலைக்கத்தி கொட்டையைத் தடுக்கும். ஆடும் இன்னொரு கத்தி கொட்டையைத் தட்டித் தட்டி விழவைக்கும். ரம்ப ஜின்னை விட மெதுவானது. ஆனால் இழை முழுசாக வரும். இதன் வழிவந்த இரட்டை உருளை ஜின்கள்தான் இன்றும் இந்திய ஜின்னிங் ஆலைகளில் பெரும்பாலும் ஓடுகின்றன. அமெரிக்கா குட்டை இழைக்கு ரம்பத்தையே வைத்துக்கொண்டது. பஞ்சைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: ரம்பத்தில் அவசரமாக அரைத்ததில் குண்டூசித் தலை அளவு முடிச்சுகள் இருக்கும், இழைகள் நீளம் குறைந்து கலந்திருக்கும். ஈரப் பருத்தியை அரைத்தால் இது இன்னும் மோசமாகும். எந்த ஜின்னாக இருந்தாலும் அடைத்துக்கொள்ளும். பருத்தியோடு சிறு கல் போய் உலோகத்தில் உரசினால் பொறி பறந்து ஆலையே பற்றிக்கொள்ளும். அந்தக் காலத்து ஜின் வீடுகள் அடிக்கடி எரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பறிப்பு என்ற இரண்டாவது தடை உடைய நூற்றைம்பது ஆண்டு ஆனது. போருக்குப் பின் அடிமைமுறை ஒழிந்தது. அதே மக்கள் அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டார்கள், கடனில் மூழ்கினார்கள், பருத்தியைத் தொடர்ந்து கையால் பறித்தார்கள். ஒரு காய் இன்று வெடிக்கும், பக்கத்துக் காய் பத்து நாள் கழித்து வெடிக்கும். செடியைச் சிதைக்காமல் வெடித்ததை மட்டும் பிடுங்கும் இயந்திரம் செய்வது ஜின்னை விடப் பல மடங்கு கடினம். 1944 அக்டோபர் 2 அன்று மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் பறிப்பு இயந்திரங்களை ஊரே திரண்டு வந்து பார்த்தது. நல்ல ஆள் மணிக்கு இருபது ராத்தல் எடுப்பார். இயந்திரம் ஆயிரம் ராத்தல். கையோடு ஒப்பிட்டால் ஐம்பது மடங்கு. விட்னியின் கைப்பிடி ஜின் அரவையில் காட்டியதும் அதே ஐம்பது மடங்குதான். ஆனால் விளைவு நேர்மாறு. முதல் ஐம்பது மடங்கு மக்களைப் பருத்தி வயலுக்கு இழுத்து வந்தது. இரண்டாவது, ஏற்கெனவே தொடங்கியிருந்த வெளியேற்றத்துக்கு வேகம் கூட்டியது. லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் சிகாகோ, டெட்ராய்ட் போன்ற வடக்கு நகரங்களுக்குப் போய்விட்டன.

இந்தியாவில் அந்த இரண்டாவது இயந்திரம் இன்னும் பரவலாக வரவில்லை. சீ ஐலண்ட் மரபு கலந்து கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட சுவின் ரகம் உட்பட, தமிழ்நாட்டில் விளையும் பருத்தியை இன்றும் பெரும்பாலும் பெண்கள்தான் கையால் எடுக்கிறார்கள். கூலியும் பல ஊர்களில் எடுத்த கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான். நம் பருத்தி விவசாயிகளைக் கேட்டால் அரவையைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எடுப்புக்கு ஆள் கிடைப்பதில்லை என்றுதான் சொல்வார்கள்.